ஸ்மியரில் தெரிந்த அந்த 22 சதவீதமும் கபடி மைதானமும்

"மகனுக்கு 19 வயது, கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறான். ஜூன் 2 அன்று காய்ச்சலும் தொண்டைவலியும் ஆரம்பித்தன, கழுத்தில் நெறி கட்டியது. டெங்கு இல்லை என்று வந்தது. 9ஆம் தேதி ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 16,400, லிம்போசைட் 44%, தனியாக 'அடிபிகல் லிம்போசைட்' 22%, ஹீமோகுளோபின் 14.1, பிளேட்லெட் 1,28,000. அப்புறம் வேறொரு டெஸ்ட் எடுத்து மோனோநியூக்ளியோசிஸ் என்றார்கள். 12ஆம் தேதி ஸ்கேனில் மண்ணீரல் 14.8 செ.மீ. இன்று ஜூன் 20. காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். 27ஆம் தேதி மாவட்டப் போட்டி. டாக்டர் கூடவே கூடாது என்கிறார். அந்த 22% புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குப் பயம். அவனுக்கோ, தொண்டை நோய்க்கு ஏன் கபடியை நிறுத்த வேண்டும் என்ற கோபம்."

போட்டிக்கு அனுப்பாதீர்கள். புற்றுநோய் பயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதை ஸ்மியர் என்கிறோம், அது என் அன்றாட வேலை என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பயமும் மகனின் கோபமும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஸ்மியரில் தெரிந்த அதே அணுக்கள்தான் அவன் மண்ணீரலிலும் குவிந்திருக்கின்றன.

இந்த நோயைக் கொண்டுவருவது எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ், சுருக்கமாக ஈ.பி.வி. எச்சில் வழியாகப் பரவும். உடலுக்குள் புகுந்து நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உலகில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அந்த வயதில் அது சாதாரணச் சளிக் காய்ச்சல் மாதிரி கடந்துபோகும், அல்லது ஒன்றுமே தெரியாது. சின்ன வயதில் தப்பி, 15 வயதுக்கு மேல் முதல்முறையாக வைரஸைச் சந்திக்கிறவர்களுக்குத்தான் காய்ச்சல், வெள்ளைப் படலம் படிந்த டான்சில், கழுத்து நெறி, அடித்துப்போட்ட மாதிரி அசதி என்று முழு நோயாக வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்லூரி மாணவர்களுக்கு இது சகஜமான நோய். இங்கே அவ்வளவு பார்ப்பதில்லை என்பதால் டெங்கு, டைஃபாய்டு எல்லாம் பார்த்த பிறகுதான் இதன் நினைவு வரும். உங்கள் மகனுக்கு முதலில் டெங்கு பார்த்ததில் தப்பே இல்லை.

சரி, வைரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது? வெள்ளையணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அதில் பி அணு, டி அணு என்று முக்கியமான இரண்டு பிரிவுகள் உண்டு. ஈ.பி.வி. தொண்டையில் இருக்கும் பி அணுக்களுக்குள் நுழைந்து அவற்றைப் பெருக வைக்கிறது. அப்படித் தொற்றிய பி அணுக்களை அடையாளம் கண்டு கொல்ல, டி அணுக்கள் பெரும் எண்ணிக்கையில் கிளம்புகின்றன. அந்த அறிக்கையில் 'அடிபிகல்', அதாவது வழக்கமான தோற்றத்திலிருந்து மாறுபட்டவை என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் இந்த டி அணுக்கள். பலரும் அவை வைரஸ் பிடித்த அணுக்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை. வைரஸை எதிர்த்து வேலை செய்துகொண்டிருக்கும் அணுக்கள் அவை. இரண்டாம் வாரத்தில் காய்ச்சலும் வீக்கமும் உச்சத்தில் இருப்பதற்கு வைரஸைவிட இந்த எதிர்ப்புத்தான் பெரிய காரணம்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 16,400-இல் 44-உம் 22-உம் சேர்ந்து 66 சதவீதம் என்றால் லிம்போசைட்டுகள் மட்டும் சுமார் 10,800. சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இருக்கும். அடிபிகல் மட்டுமே 3,600. இந்த நோய்க்கு நாங்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல், வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட், பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடிபிகல் என்பது. உங்கள் மகனுடையது இரண்டையும் தாராளமாகத் தாண்டுகிறது. காய்ச்சல் வந்து எட்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் இப்படி இருப்பது எதிர்பார்த்ததுதான்.

இப்போது புற்றுநோய் பயம். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1920-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோய்க்கு 'இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ்' என்று பெயர் வைத்ததற்குப் பின்னால் இதே குழப்பம்தான் இருந்தது. அதற்கு முன் காய்ச்சலும் நெறியுமாக வந்த இளைஞர்களின் ரத்தத்தில் விசித்திரமான அணுக்களைக் கண்டு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் என்று முடிவுகட்டுவதும், அவர்கள் தாமாகவே குணமாகிவிடுவதைக் கண்டு திகைப்பதும் நடந்துகொண்டிருந்தன. 1923-இல் டவுனி, மெக்கின்லே இருவரும் அந்த அணுக்களின் தோற்றத்தை வகை வகையாக விவரித்து எழுதினார்கள். இன்றும் பழைய ஆட்கள் இவற்றை 'டவுனி அணு' என்பார்கள். வைரஸ் கண்ணில் பட்டதே 1964-இல்தான், அதுவும் வேறொரு நோயை ஆராயும்போது. அதற்கும் மோனோநியூக்ளியோசிஸுக்கும், சுருக்கமாக மோனோவுக்கும், உள்ள தொடர்பு பிடிபட்டது 1968-இல். பிலடெல்ஃபியாவில் வைரஸ் ஆய்வாளர்களான ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு மோனோ வந்தது. அதற்கு முன் அவர் ரத்தத்தில் ஈ.பி.வி. எதிர்ப்புப் பொருள் இல்லை, நோய்க்குப் பின் இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் நான் எதை வைத்துப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன். மோனோவில் தெரியும் அணு பெரியது, ஆனால் அந்தப் பருமன் பெரும்பாலும் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் இருக்கும். அது வெளிர் நீலமாக, அகலமாக, தளர்ந்து பரவியிருக்கும். பக்கத்தில் சிவப்பணு இருந்தால், தோசைக்கல்லில் ஊற்றிய மாவு குறுக்கே கிடக்கும் வெங்காயத் துண்டை வளைத்துக்கொண்டு ஓடுவது போல அதன் விளிம்பு சிவப்பணுவை வளைத்துக்கொள்ளும். வளைத்த இடத்தில் நீலம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். உட்கரு ஒன்றில் வட்டம், இன்னொன்றில் அவரை விதை வடிவம், வேறொன்றில் கோணல். ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

இந்த ஒற்றுமையின்மைதான் எனக்கு முதல் ஆறுதல். லுகேமியாவில் தெரியும் முதிராத பிளாஸ்ட் அணுக்கள் ஒரே வார்ப்பில் வந்தவை மாதிரி இருக்கும். அவற்றில் உட்கருதான் அணுவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும், சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய கோடாக நிற்கும். கூடவே எலும்பு மஜ்ஜை நெருக்கப்படுவதால் ஹீமோகுளோபின் இறங்கும், பிளேட்லெட் நன்றாகக் குறையும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போகும். உங்கள் மகனுக்கு ஹீமோகுளோபின் 14.1. பிளேட்லெட் 1,28,000 என்பது கொஞ்சம் குறைவு, ஆனால் மோனோவில் இந்த அளவு குறைவது சகஜம், தானாக ஏறிவிடும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் லுகேமியா என்று நினைக்க இடமில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அடிபிகல் லிம்போசைட் என்று பார்த்ததும் மோனோ என்று முடிவுக்கு வருவதும் தவறு. டெங்குவிலும் இவை தாராளமாகத் தெரியும். நம் ஊரில் மழைக்காலத்தில் நான் பார்க்கும் அடிபிகல் லிம்போசைட்டுகளில் பெரும்பங்கு டெங்குதான். ஆனால் டெங்குவில் ஆரம்பத்தில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கை இறங்கும், இப்படி 16,000-க்கு ஏறாது. சீழ் படிந்தாற்போன்ற டான்சிலும் கழுத்தின் பின்பக்க நெறியும் டெங்குவின் அடையாளங்கள் இல்லை. சைட்டோமெகலோ வைரஸ், டாக்சோபிளாஸ்மா, புதிதாகத் தொற்றிய எச்.ஐ.வி., வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் ஒவ்வாமை என்று இதே அணுக்களைக் காட்டும் காரணங்கள் வேறு சிலவும் உண்டு. அதனால்தான் இரண்டாவதாக ஒரு பரிசோதனை எடுத்தார்கள். அது பெரும்பாலும் வைரஸுக்கு எதிராக உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஈ.பி.வி. வி.சி.ஏ. ஐ.ஜி.எம். ஆக இருக்கும். அது பாசிட்டிவ், தாமதமாக உருவாகும் எதிர்ப்புப் பொருளான ஈ.பி.என்.ஏ. ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்று இருந்தால் தொற்று புதியது என்று அர்த்தம். ஈ.பி.என்.ஏ. எதிர்ப்புப் பொருள் உருவாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது ஏற்கெனவே பாசிட்டிவ் என்றால் தொற்று எப்போதோ வந்து போன பழசு, இந்தக் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அறிக்கையை எடுத்து இந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். சில இடங்களில் 'மோனோஸ்பாட்' என்ற விரைவுப் பரிசோதனை செய்வார்கள். முதல் வாரத்தில் எடுத்தால் நோய் இருந்தும் நான்கில் ஒருவருக்கு அது நெகட்டிவ் காட்டிவிடும்.

ரத்தத்தை மூன்று நான்கு வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். அடிபிகல் அணுக்கள் அப்போதும் கொஞ்சம் மிச்சமிருந்தால் பதற வேண்டாம், போகிற திசை சரியாக இருந்தால் போதும். ஹீமோகுளோபின் இறங்கினாலோ, பிளேட்லெட் ஏறாமல் மேலும் குறைந்தாலோ, நெறி ஆறு வாரத்துக்குப் பிறகும் சுருங்காமல் கல்லாக நின்றாலோ ரத்தநோய் நிபுணரிடம் போங்கள்.

அடுத்து மண்ணீரலுக்கு வருவோம். மகனின் கேள்வி நியாயமானது. தொண்டையில் வந்த நோய்க்கும் வயிற்றில் இருக்கும் ஓர் உறுப்புக்கும் என்ன சம்பந்தம்? மண்ணீரல் இடது பக்கம், கீழ் விலா எலும்புகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. 9, 10, 11ஆம் விலாக்கள் அதற்குக் கவசம். சாதாரணமாக 150 கிராம் அளவில் இருக்கும் சின்ன உறுப்பு. ரத்தம் வடிகட்டப்படும் இடம், கூடவே லிம்போசைட்டுகள் தங்கிப் பெருகும் இடம். ஸ்மியரில் நாம் பார்த்த அந்த 3,600 என்பது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பவை மட்டும்தான். அதே மாதிரி அணுக்கள் மண்ணீரலுக்குள் அடைந்து கிடக்கின்றன. அதனால் மண்ணீரல் வீங்குகிறது. கையால் தொட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்குத்தான் வீக்கம் தெரியும். ஸ்கேன் செய்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரியும்.

வீக்கம் மட்டும் என்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. மண்ணீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, உள்ளே அதைத் தாங்கும் நார்ப்பட்டைகள் இருக்கின்றன. லிம்போசைட்டுகள் வெறும் இடத்தை அடைப்பதோடு நிற்காமல் இந்த உறைக்குள்ளும் பட்டைகளுக்குள்ளும் ரத்தக் குழாய்ச் சுவர்களுக்குள்ளும் ஊடுருவுகின்றன. ஏற்கெனவே இழுபட்டு மெலிந்திருக்கும் உறை இதனால் இன்னும் தளர்ந்துபோகிறது. பெரிதான உறுப்பு விலாவின் கவசத்தைத் தாண்டிக் கீழே இறங்கியும் நிற்கும். ஆக உறை மெலிந்து, உள்ளே ரத்தம் நிறைந்து, கவசம் இல்லாத இடத்தில் ஓர் உறுப்பு. இப்போது கபடியை நினைத்துப் பாருங்கள். பாடிப் போகிறவனைத் தொடையில் பிடிக்கிறார்கள், இடுப்பில் பிடிக்கிறார்கள், நான்கு பேர் மேலே விழுகிறார்கள், யாரோ ஒருவரின் முட்டியோ முழங்கையோ இடது விலாவுக்குக் கீழே இறங்குகிறது. கால்பந்து, ஹாக்கி, ரக்பி, மல்யுத்தம் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். என்னைக் கேட்டால் கபடி இந்தப் பட்டியலில் மேலே நிற்கும், ஏனென்றால் அதில் உடம்பு மோதுவது விபத்தில்லை, ஆட்டமே அதுதான்.

எவ்வளவு பேருக்கு மண்ணீரல் கிழிகிறது என்றால், மோனோ வந்த ஆயிரம் பேரில் ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கு. அரிதுதான், மறைக்கவில்லை. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிர் போகக்கூடிய விஷயம். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மருத்துவ இதழ்களில் பதிவான 85 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் நான்கில் மூன்று பேருக்கு நோய் ஆரம்பித்த 21 நாட்களுக்குள் கிழிந்திருக்கிறது. 31 நாட்களுக்குள் என்று பார்த்தால் பத்தில் ஒன்பது பேர். 'மூன்று வாரம்', 'ஒரு மாதம்' என்று மருத்துவர்கள் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் எந்த அடியும் படாதவர்கள். இதைப் படித்துவிட்டு, 'அடியே படாமல் கிழியும் என்றால் விளையாட்டை நிறுத்தி என்ன லாபம்' என்று உங்கள் மகன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். நோயாளிகள் எல்லோரையும் ஏற்கெனவே விளையாட விடாமல் நிறுத்திவைத்திருக்கிறோம், அதனால் அடிபட்டுக் கிழிந்தவர்கள் கணக்கில் குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. அதோடு, அடி இல்லாமலேயே கிழியும் அளவுக்கு உறை பலவீனமாக இருக்கிறது என்றால், அதன் மேல் 80 கிலோ ஆள் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. இன்னொரு பாடமும் இதில் உண்டு. மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் மட்டும் போதாது. மூச்சைப் பிடித்து முக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், மண்ணீரலில் ரத்தம் தேங்கும். ஜிம்மில் எடை தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, கனமான சிலிண்டரைத் தூக்குவது எல்லாம் இதில் அடங்கும். 'விளையாடத்தானே கூடாது, தண்டால் எடுக்கிறேன்' என்று வீட்டில் ஆரம்பித்துவிடப் போகிறான், பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால் குடல் ஏற்றம் என்று யாரிடமாவது குடல் தட்டக் கூட்டிப்போகும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இந்த மாதம் அதைக் கனவிலும் செய்யாதீர்கள். மருத்துவர்களே கூட இந்த நோயாளியின் இடது வயிற்றை அழுத்தித் திரும்பத் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

அவனுக்கு இப்போது நன்றாக இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கலே. காய்ச்சலும் தொண்டைவலியும் இரண்டு வாரத்தில் போய்விடும். மண்ணீரல் உச்ச அளவுக்குப் போவதே சராசரியாக இரண்டாம் வாரத்தில்தான், பழைய அளவுக்குத் திரும்ப நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும் நாளில் மண்ணீரல் இன்னும் பெரிதாகவே இருக்கும். அது வலிக்காது, அதனால் அவனுக்குத் தெரியாது.

அவனுடைய தேதிகளை வைத்தே பார்ப்போம். எண்ண வேண்டியது காய்ச்சல் ஆரம்பித்த நாளிலிருந்து. நோய் இன்னது என்று தெரிந்த நாளிலிருந்தோ காய்ச்சல் விட்ட நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. ஜூன் 2 முதல் எண்ணினால் மூன்று வாரம் ஜூன் 23-இல் முடிகிறது, நான்கு வாரம் ஜூன் 30-இல். ஸ்கேன் எடுத்த 12ஆம் தேதி வீக்கம் உச்சத்தில் இருக்கும் சமயம், 14.8 செ.மீ. அதற்குப் பொருந்துகிறது. போட்டி 27ஆம் தேதி, அதாவது நான்காம் வாரத்துக்குள். நான் சொன்ன பத்தில் ஒன்பது என்ற வேலிக்கு உள்ளேதான் அந்தத் தேதி விழுகிறது. அதனால்தான் முதல் வரியிலேயே அனுப்பாதீர்கள் என்றேன்.

23ஆம் தேதிக்குப் பிறகு, காய்ச்சல் இல்லை, அசதி குறைந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறான், தண்ணீர் குடிக்கிறான் என்றால் நடக்கலாம், மெதுவாக ஓடலாம். யாரும் அவன் மேல் மோதக் கூடாது, எடை தூக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ மறுநாள் படுத்துவிட்டாலோ இரண்டு நாள் பின்வாங்குங்கள். இந்த நோயில் அசதி மாதக்கணக்கில் இழுப்பது உண்டு. நான்கு வாரம் முடிந்த பிறகு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பொதுவாக மோதல் விளையாட்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் என்பார்கள், இன்னும் கவனமானவர்கள் ஆறு, எட்டு வாரம் என்பார்கள். அவனுக்கு வீக்கம் ஸ்கேனிலேயே தெரிந்திருப்பதாலும் ஆட்டம் கபடி என்பதாலும், ஜூலை நடுவில் ஆறு வாரம் முடிகிறவரை மைதானத்தில் இறங்காமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த இடைவெளியில் அணியோடு போய் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் 'சும்மா ஒரு ரெய்டு' என்ற பேச்சு வேண்டாம்.

இன்னொரு ஸ்கேன் எடுத்து மண்ணீரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்தால் 27ஆம் தேதியே ஆடலாமா என்று கேட்பீர்கள். ஆட வேண்டாம். மண்ணீரல் சாதாரணமாக 12, 13 செ.மீ. வரை இருக்கும் என்று எழுதுகிறோம், ஆனால் உயரமான விளையாட்டு வீரர்களுக்கு நோயே இல்லாமல் அதற்கு மேலும் இருக்கும். நோய் வருவதற்கு முன் உங்கள் மகனுக்கு எவ்வளவு இருந்தது என்ற அளவு நம்மிடம் இல்லை. அதைவிட முக்கியம், ஸ்கேன் அளவைத்தான் காட்டும், உறையின் உறுதியைக் காட்டாது. அதனால் நான்கு வாரத்துக்குப் பிறகு, முதல் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஸ்கேன் எடுத்தால் பயனுண்டு. முன்கூட்டியே மைதானத்தில் இறங்க அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீக்கத்தைச் சீக்கிரம் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை கேட்கிறவர்களும் உண்டு. டான்சில் வீங்கி மூச்சையே அடைக்கும் நிலையில்தான் அது தேவைப்படும், விளையாட்டுத் தேதிக்காகக் கொடுப்பதில்லை. ஏசைக்ளோவிர் போன்ற வைரஸ் மருந்துகளாலும் இந்த நோயின் நாட்கள் குறைவதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று. இடது பக்க மேல்வயிற்றில் திடீர் வலி, இடது தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வேர்வை, முகம் வெளுத்துப் போவது, நாடி படபடவென்று அடிப்பது. தோளில் வலி என்றதும் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கத் தோன்றும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால், அந்த வலி நரம்பு வழியாகத் தோளில் தெரிகிறது. மல்லாந்து படுத்தால் தோள்வலி கூடுவது இன்னும் சந்தேகம் தர வேண்டிய அறிகுறி. அப்போது பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல், அறுவை சிகிச்சையும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கு 108-இல் கூட்டிப்போங்கள். உள்ளே நுழைந்ததும் 'மூன்று வாரத்துக்கு முன் மோனோ வந்தது, மண்ணீரல் வீங்கியிருந்தது' என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், அடிபடாத 19 வயதுப் பையனின் வயிற்றில் ரத்தக்கசிவு என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மண்ணீரலை எடுக்காமலே கண்காணித்துக் காப்பாற்றிவிடுவதும் உண்டு. எடுக்க நேர்ந்தால் நிமோகாக்கஸ் போன்ற சில கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் போட வேண்டிவரும், பிற்காலத்தில் எந்தக் காய்ச்சலையும் அலட்சியப்படுத்த முடியாது.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். அணியில் ஒரே தண்ணீர் பாட்டிலைச் சுற்றுக்கு விடும் வழக்கம் இருந்தால் அவனுடையதைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வைரஸ் எச்சிலில் மாதக்கணக்கில் இருக்கும். அதற்காக அறையில் தனியாக அடைத்துவைக்கத் தேவையில்லை.

ஆரம்பத்தில் தொண்டைவலிக்கு அமாக்சிசிலின் ஏதும் கொடுத்து உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்ததா என்று நீங்கள் எழுதவில்லை. மோனோ சமயத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் பலருக்கு அப்படி வரும். அதை வைத்து 'பென்சிலின் ஒவ்வாமை' என்று அவன் ஃபைலில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அது அந்த நோயும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை, பின்னாளில் பலருக்கு அந்த மருந்து தொந்தரவு தருவதில்லை. அப்படி வந்திருந்தால் குணமான பிறகு, அடுத்த முறை அந்த வகை மருந்து தேவைப்படும்போது, நடந்ததைச் சொல்லி மருத்துவர் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.